குறிப்பின்றி வந்த வேலை விளம்பரம்

வேலை தேடுவோருக்கு ஆலோசனை கூறும் பணியில், ஒரு வேலை விளம்பரத்தை அப்படியே ஒட்டிவிட்டு வேறொரு சொல்லும் எழுதாமல் அனுப்பும் வழக்கத்தை அடிக்கடி பார்க்கிறேன். அனுப்பியவருக்குத் தம் தேவை தெளிவாகத் தெரியும் என்பதால், அது எனக்கும் தெரியும் என்று எண்ணிவிடுகிறார். விண்ணப்பிக்க உதவி வேண்டுமா, விளம்பரம் உண்மையானதா என்று பார்க்க வேண்டுமா, விளம்பரம் கொடுத்தவர்களுக்குப் பதில் எழுதித் தர வேண்டுமா என்பதை நான்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

அண்மையில் ஒரு பெண்மணி கணக்கு உதவியாளர் பணிக்கான விளம்பரம் ஒன்றை இப்படி அனுப்பியிருந்தார். பணியின் பொறுப்புகள், தேவையான தகுதி, கடைசித் தேதி எல்லாம் ஒழுங்காக இருந்தன. அவருடைய தன்விவரக் குறிப்பு முன்பே என்னிடம் இருந்ததால், விண்ணப்பிக்கத்தான் கேட்கிறார் என்று நானே முடிவு செய்து, விளம்பரம் கேட்ட அனுபவம் முதல் பத்தியிலேயே தெரியும்படி அதைத் திருத்தி அனுப்பிவிட்டேன். கேட்காத கேள்விக்கு முந்திக்கொண்டு விடை எழுதுவது எங்கள் தொழிலில் உள்ளவர்களின் பழைய நோய். “நான் விண்ணப்பிக்கவே இல்லை சார், என்னைத் தேர்வு செய்துவிட்டதாகச் சொல்கிறார்கள், அவர்களுக்கு என்ன பதில் எழுதுவது?” என்று அவர் திருப்பிக் கேட்டார்.

ஒட்டப்பட்டிருந்ததை மறுபடி படித்தபோது, தேவையான குறிப்பு அதற்குள்ளேயே இருந்தது தெரிந்தது. தலைப்புக்கு மேலே “தங்கள் விவரங்கள் பரிசீலிக்கப்பட்டு” என்று தொடங்கும் ஒரு வரியும், அடியில் இரண்டு நாட்களுக்குள் சம்மதக் கடிதத்தோடு அடையாள அட்டையின் நகலையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் அனுப்பக் கோரும் ஒரு வரியும் இருந்தன. பொது விளம்பரத்தில் இந்த இரண்டுக்கும் இடமில்லை. ஒருவரை விளித்து எழுதப்பட்டிருந்தால் அது கடிதம், அதை அனுப்புபவர் பெரும்பாலும் பதிலைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருப்பார். நடுவில் இருந்த நீண்ட பகுதியை மட்டும் படித்ததுதான் என் பிழை.

ஆனால் விண்ணப்பிக்காதவருக்குத் தேர்வுக் கடிதம் வந்திருக்கும்போது, பதில் எழுதுவதற்கு முன் அனுப்பியவர் யார் என்று பார்த்தாக வேண்டும். `.com` என்று முடியும் இணைய முகவரியில் உரிமையாளரைக் காட்டுவது கடைசிப் புள்ளியை ஒட்டி இடப்பக்கம் நிற்கும் சொல். நிறுவனத்தின் தளம் `example.com` என்று வைத்துக்கொண்டால், `careers.example.com` அந்த நிறுவனத்துக்குள் அடங்கியது; `example-careers.com` என்பதையோ யார் வேண்டுமானாலும் தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம். இவருக்கு வந்த கடிதம் இரண்டாம் வகை முகவரியிலிருந்து வந்திருந்தது. `lookup.icann.org` தளத்தில் தேடியபோது அந்தப் பெயர் பதிவாகி மூன்று வாரமே ஆகியிருந்தது. புதிய பெயர் என்பது மட்டும் மோசடிக்குச் சான்றாகாது, புதிதாகத் தொடங்கிய நிறுவனத்துக்கும் புதிய பெயர்தான் இருக்கும். பல்லாண்டுகளாக இயங்கும் நிறுவனத்தின் பெயரில் மூன்று வாரப் பழமையுள்ள முகவரி வந்தால்தான் ஐயப்பட வேண்டும்.

அடுத்து, கடிதத்தில் இருந்த எண்ணை விடுத்து, நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருந்த எண்ணுக்கு அவரையே பேசச் சொன்னேன். கடிதத்தில் உள்ள எண்ணில் விசாரித்தால், கடிதத்தை எழுதியவரே எடுத்து “ஆம், உண்மைதான்” என்பார். நிறுவனம் சொன்ன செய்தி எனக்கும் புதிது: அப்படியொரு பணியிடம் உண்மையிலேயே காலியாக இருக்கிறது, விளம்பரத்தின் சொற்களும் அவர்களுடையவையே, ஆனால் அந்தக் கடிதத்தை அவர்கள் அனுப்பவில்லை. யாரோ அசல் விளம்பரத்தை எடுத்து, மேலும் கீழும் ஒவ்வொரு வரி சேர்த்து, தொடர்பு முகவரியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். இத்தகைய போலியை எழுத்துப்பிழைகளைக் கொண்டோ, நம்ப முடியாத சம்பளத்தைக் கொண்டோ கண்டுபிடிக்க இயலாது, ஏனெனில் நடுப்பகுதி முழுவதும் அசல்.

ஆகவே அவர் அந்தக் கடிதத்துக்குப் பதிலே அனுப்பவில்லை. அதை நிறுவனத்துக்கு அனுப்பி வைத்ததோடு நிறுத்திக்கொண்டார். கடைசித் தேதிக்கு இன்னும் நான்கு நாட்கள் இருந்ததால், நான் தவறாக ஊகித்துத் திருத்திய அதே தன்விவரக் குறிப்பை நிறுவனத்தின் தளத்திலேயே பதிவேற்றி விண்ணப்பித்தார்.

இப்போது குறிப்பில்லாமல் விளம்பரம் வந்தால், முதல் வரியையும் கடைசி வரியையும் படித்துவிட்டு, “இது உங்களுக்கு எப்படி வந்தது, நீங்களாகப் பார்த்ததா, உங்கள் பெயருக்கு அனுப்பப்பட்டதா?” என்ற ஒரே கேள்வியைக் கேட்கிறேன். “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டால் பலர் “சும்மா பாருங்கள்” என்றே சொல்கிறார்கள். விடை வருவதற்குள் விளம்பரத்தில் உள்ள தொடர்பு முகவரியைச் சரிபார்த்து வைத்துவிடுகிறேன். மூன்றில் எதைக் கேட்டிருந்தாலும் அந்த வேலை வீணாவதில்லை.