உடலுக்கு ஒரு வேகம், கைக்கு ஒரு வேகம்: ராக்லான் யோக்கின் கணக்கு

கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னும் ராக்லான் ஸ்வெட்டரில், முன்பக்கம், பின்பக்கம், இரு கைகள் ஆகியவற்றைப் பிரிக்கும் நான்கு சாய்கோடுகளின் இருபுறமும் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று கண்ணி கூட்டுவதே வழக்கம். உடலும் கையும் ஒரே வேகத்தில் அகல வேண்டும் என்று இந்த வழக்கம் கருதிக்கொள்கிறது. கைக்குழி பொருந்தாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

மாதிரித் துண்டைக் கழுவி உலர்த்தி அளந்தபோது 10 செ.மீ.க்கு 20 கண்ணிகளும் 28 சுற்றுகளும் வந்தன என்று கொள்வோம். மார்புச் சுற்றளவு 100 செ.மீ., மேற்கைச் சுற்றளவு 34 செ.மீ., கழுத்தோரத்திலிருந்து அக்குள் மட்டம் வரை செங்குத்தான ஆழம் 22 செ.மீ. வேண்டும். சாய்கோட்டின் வழியே அளந்தால் ஆழம் மிகையாக வரும் என்பதால் செங்குத்தாகவே அளக்க வேண்டும். அகலத்தைக் கண்ணிகளும் ஆழத்தைச் சுற்றுகளும் தீர்மானிக்கின்றன. இங்கே நம் கையில் இருப்பவை ஏறத்தாழ 62 சுற்றுகள்.

கழுத்தில் முன்னும் பின்னும் 36 கண்ணிகள் வீதமும், ஒவ்வொரு கைக்கும் 12 கண்ணிகளும் ஆக 96 கண்ணிகளுடன், அதாவது 48 செ.மீ. சுற்றளவுடன் தொடங்குகிறோம். கையின் 12 கண்ணிகளே தோள்மேல் படிபவை. அவற்றைத் தாராளமாக வைத்தால் கழுத்து அகன்று தோளிலிருந்து நழுவும். முன்கழுத்து தொண்டையை அழுத்தாதிருக்க, பின்கழுத்தில் மட்டும் 2 செ.மீ. அளவுக்கு, சுற்றை முடிக்காமல் பாதியில் திரும்பிப் பின்னும் குறுவரிசைகளை முதலிலேயே பின்னி அதை உயர்த்திவிடலாம். அவ்வரிசைகள் 62 சுற்றுகளில் சேராது.

இனி அக்குளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவோம். அக்குளில் பக்கத்துக்கு 8 கண்ணிகள் புதிதாகச் சேர்ப்பதால், உடலின் 200 கண்ணிகளில் 184 மட்டுமே கழுத்துக்கும் அக்குளுக்கும் இடைப்பட்ட பகுதியான யோக்கிலிருந்து வர வேண்டும், முன்னும் பின்னும் 92 வீதம். 36-இலிருந்து 92-ஐ எட்ட 28 கூட்டல் சுற்றுகள் தேவை. கைக்கு 68 கண்ணிகளில் அதே 8 போக 60. 12-இலிருந்து அதை எட்ட 24 போதும். வழக்கப்படி 31 முறை கூட்டியிருந்தால் மார்பு 106 செ.மீ., கை 41 செ.மீ. ஆகியிருக்கும், அந்த மிகைத் துணி அக்குளில் மடிப்பு மடிப்பாகத் திரளும். 28-உடன் நிறுத்திக்கொண்டாலும் கை 38 செ.மீ. இருக்கும், ஆழமோ 20 செ.மீ.யாகச் சுருங்கிக் கைக்குழி அக்குளைக் கடிக்கும்.

எனவே இரண்டையும் தனித்தனியே பிரிக்க வேண்டும். உடலில் 25 முறை இரண்டு சுற்றுக்கு ஒருமுறையும், பின்னர் 3 முறை நான்கு சுற்றுக்கு ஒருமுறையும் கூட்டுகிறோம். கையில் அவ்வாறே 17 முறையும் 7 முறையும். இரண்டுமே சரியாக 62 சுற்றுகளில் முடிகின்றன. எல்லாக் கூட்டலும் இரட்டைப்படைச் சுற்றுகளிலேயே விழுவதால் எண்ணுவதும் எளிது. வேகத்தைக் கீழ்ப்பகுதியில் குறைப்பதற்குக் காரணம் உண்டு: தோளின் சரிவில் உடல் விரைவாக அகல்கிறது, மேற்கையை நெருங்கும்போது அகலம் அதிகம் மாறுவதில்லை.

மார்பு மிகப் பெரிதாகி, உடலுக்குத் தேவையான கூட்டல்கள் 31-ஐத் தாண்டினால் இதே முறையைத் திருப்பிக்கொள்ளலாம்: அக்குளுக்கு அருகில் சில சுற்றுகளில் உடலில் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் கூட்டலாம், அல்லது அக்குளில் சேர்க்கும் கண்ணிகளை அதிகமாக்கலாம். இதைச் செய்யாமல் உடலைக் குறுக்கிவிட்டால், அக்குளிலிருந்து கழுத்தை நோக்கி இழுபட்ட கோடுகள் தெரியும்.