எம்பிராய்டரி இயந்திரக் கடன் எத்தனை மாதத்தில் தீரும்?

கணினி எம்பிராய்டரி இயந்திரம் ஒன்றை வாங்க, ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் ஒரு தையற்காரர் 3,00,000 ரூபாய் கடன் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதந்தோறும் 30 ரவிக்கைகளுக்குப் பூவேலை ஆர்டர் கூடுதலாக வரும், ஒன்றுக்கு 650 ரூபாய் கேட்கலாம் என்பது அவர் எதிர்பார்ப்பு. மாதம் 19,500 ரூபாய் வந்தால் பதினாறு மாதத்தில் கடன் முடிந்துவிடும் என்று மனக்கணக்கு சொல்லும்.

ஆனால் அந்த 650 ரூபாயில் நூல், துணிக்கு அடியில் வைக்கும் பேக்கிங் பேப்பர், மின்சாரம், டிசைன் ஆகியவற்றுக்கு 110 ரூபாயும், உதவியாளர் கூலிக்கு 90 ரூபாயும் போனால் மிஞ்சுவது 450 ரூபாய்தான். முப்பது ரவிக்கைக்கு 13,500 ரூபாய். அதில் சர்வீஸுக்கென்று 1,500 ரூபாய் ஒதுக்கினால், கடனுக்குக் கட்டக்கூடியது 12,000 ரூபாய். வழக்கமாக வருபவர்கள் தரும் தையல் கூலியை இதில் சேர்க்கக் கூடாது. இயந்திரம் இல்லாவிட்டாலும் அது வந்திருக்கும்.

இனி 3,00,000 ரூபாயை 12,000 ரூபாயால் வகுத்தால் 25 மாதம் வருகிறது. இதில் வட்டி இல்லை. மாதத்துக்கு ஒரு சதவீதம் என்பதால் முதல் மாத வட்டி 3,000 ரூபாய். அன்று அசலில் குறைவது 9,000 ரூபாய் மட்டுமே. அடுத்த மாதம் 2,91,000 ரூபாய்க்குத்தான் வட்டி என்பதால், அசலில் 9,090 ரூபாய் குறையும். இப்படி மாதம் மாதமாக எழுதிக்கொண்டே போனால், கடன் 29ஆம் மாதத்தில் தீர்கிறது.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண வேலை அடங்கிவிடும் என்பது தையற்கடைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அம்மாதங்களில் பத்து ஆர்டர்களே வந்தால், சர்வீஸ் செலவு போக 3,000 ரூபாய் நிற்கும். அதாவது முதல் மாத வட்டியின் அளவு. கடன் வாங்கிய புதிதில் பத்துக்கும் குறைவாக வந்தால், பணம் கட்டிய பிறகும் பாக்கி ஏறும். தை மாதத்தில் கட்டத் தொடங்கி, ஆண்டுதோறும் இந்த இரண்டு மாதங்களிலும் 3,000 ரூபாயே கட்டினால், கணக்கு 34 மாதத்துக்கு நீள்கிறது.

வங்கியோ ஆடியைப் பார்ப்பதில்லை. 36 மாதத் தவணை என்று எழுதிக்கொண்டால் மாதம் சுமார் 9,964 ரூபாய் கட்டியாக வேண்டும். நல்ல மாதத்தில் 2,036 ரூபாய் மிஞ்சும், ஆடியில் 6,964 ரூபாய் குறையும். தையில் தொடங்கியவரிடம் ஆனி முடியும்போது 12,216 ரூபாய் சேர்ந்திருக்கும் என்பதால் அவர் ஆடியைத் தாண்டிவிடுவார். வைகாசியில் தொடங்கியவரிடம் அப்போது இருப்பது 4,072 ரூபாய்தான். அவர் முதல் ஆடியிலேயே 2,892 ரூபாயைத் தம் கையிலிருந்து போட வேண்டியிருக்கும்.