ஒரே பெயர், இரண்டு போத்தல்

வெள்ளவத்தையில் பாமசி நடத்தும் எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது: “தம்பி, இது மூலிகை தானே, இங்கிலிஷ் மருந்தோட சேர்த்துக் குடிக்கலாமோ?” அவர்கள் நீட்டுவது சில நேரம் கஷாயப் பொதியாக இருக்கும், சில நேரம் ஹோமியோபதிப் போத்தலாக இருக்கும். கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். எனக்கு அப்படியில்லை என்று நினைத்திருந்தேன். ஆனால் நானும் ஒருமுறை பிழைவிட்டேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், வயது 64. பிறஷருக்கும் நெஞ்சுப் படபடப்புக்கும் பல வருடங்களாக அட்டெனலோல் எடுப்பவர். மாதக் குளிசை வாங்க வந்தபோது, “ஆரோ சொல்லிச்சினம் எண்டு ஹோமியோபதித் துளி மருந்தொண்டும் குடிக்கிறன், பரவாயில்லையோ?” என்று கேட்டார். நான் குளிசை எண்ணிக்கொண்டே, “ஹோமியோபதியோ? அதுக்குள்ள ஒண்டும் இருக்காது டீச்சர்” என்று சொல்லி விட்டேன். போத்தலைக் கேட்டுப் பார்க்கவில்லை.

மூன்று கிழமைக்குப் பிறகு வந்தார். மூக்கு அடைத்தபடியே இருக்கிறதாம். எழும்பினால் தலை சுற்றுகிறதாம். ஒன்றிலும் மனம் ஒட்டவில்லையாம். நாடியைப் பிடித்துப் பார்த்தேன்: நிமிடத்துக்கு 48. பிறஷரும் இறங்கியிருந்தது. இந்த முறை போத்தலைக் கொண்டுவரச் சொன்னேன். லேபிளில் ரவுல்ஃபியா செர்பென்டினா என்ற பெயர், பக்கத்தில் Q என்ற ஒற்றை எழுத்து.

அந்தப் பெயர் நமக்குப் புதிதல்ல. சர்ப்பகந்தி என்று தமிழிலும் ஏக்கவேரிய என்று சிங்களத்திலும் சொல்லும் செடிதான். நாட்டு வைத்தியத்தில் அதன் வேர் நெடுங்காலம் பயன்பட்டது. அந்த வேரிலிருந்து 1952 இல் ரிசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். பின்னர் உலகம் முழுவதும் பிறஷர் குளிசையாக விற்றார்கள். நரம்பு முனைகளில் சேர்ந்திருக்கும் சில இரசாயனங்களை அது காலியாக்கும். அதனால் பிறஷர் இறங்கும், இதயமும் மெதுவாகும். மூக்கடைப்பும் மனச்சோர்வும் அதன் பேர்போன பக்க விளைவுகள். டீச்சர் சொன்னது அத்தனையும் அந்தப் பட்டியலில் இருந்தது. அட்டெனலோலும் இதயத்தை மெதுவாக்கும் மருந்து என்பதால் இரண்டும் ஒரே பக்கம் இழுத்திருக்கின்றன.

அப்படியென்றால் ஹோமியோபதி மருந்தில் ஒன்றும் இல்லை என்று நான் சொன்னது பொய்யா? அந்த Q வில்தான் விஷயம் இருக்கிறது.

ஹோமியோபதியில் Q என்பது தாய்க்கரைசல். வேரை மதுசாரத்தில் ஊறவைத்து வடித்தெடுப்பது. பொதுவாக ஒரு கிராம் வேருக்குப் பத்து மில்லிலீற்றர் கரைசல் என்ற கணக்கு. இன்னும் ஐதாக்கத் தொடங்கவில்லை. லேபிளில் என்ன பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது மூலிகைச் சாறுதான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு மில்லிலீற்றரில் 100 மில்லிகிராம் வேரின் சாறு. நல்ல வேரில் ரிசர்பின் வகைப் பொருள் நூற்றுக்கு 0.15 அளவில் இருக்கும். அதாவது மில்லிலீற்றருக்குச் சுமார் 0.15 மில்லிகிராம். டீச்சர் குடித்தது வேளைக்கு 20 துளி, நாளுக்கு மூன்று வேளை. மதுசாரத் துளி சிறியது என்பதால் 60 துளி ஒரு மில்லிலீற்றருக்குச் சற்று மேல் வரும். பழைய ரிசர்பின் குளிசைகள் 0.1, 0.25 மில்லிகிராம் அளவில்தான் வந்தன. வேருக்கு வேர் அளவு மாறும், ஊறலில் எல்லாம் இறங்காமலும் போகலாம். ஆனாலும் அவர் தினமும் ஏறத்தாழ ஒரு குளிசையைக் குடித்துக்கொண்டிருந்தார் என்பது தெரிகிறது.

இதே பெயரில் இன்னொரு போத்தலும் கடையில் இருக்கும். அதில் Q இருக்கும் இடத்தில் 30 அல்லது 30C என்று போட்டிருக்கும். தாய்க்கரைசலில் ஒரு பங்கை எடுத்து 99 பங்கு மதுசாரத்தில் விட்டு ஓங்கிக் குலுக்கினால் அது 1C. அதில் ஒரு பங்கை மட்டும் எடுத்து மறுபடி 99 பங்கில் விட்டால் 2C. இப்படி முப்பது முறை.

நம் ஒரு மில்லிலீற்றர் தாய்க்கரைசலில் உள்ள ரிசர்பின் மூலக்கூறுகளை எண்ணினால், 15 என்று எழுதி அதன் பின்னால் 16 சைபர் போட வேண்டும். ஒவ்வொரு படியிலும் இரண்டு சைபர் கழலும். எட்டாம் படியில் மில்லிலீற்றருக்கு மிஞ்சுவது 15 மூலக்கூறு. ஒன்பதாம் படியில் ஒன்றுகூட இருக்கும் என்று சொல்ல முடியாது. அதற்கு மேலும் 21 படி ஐதாக்கியதுதான் 30C. குலுக்குவதால் மருந்தின் ஆற்றல் மதுசாரத்துக்கு ஏறுகிறது, எண் கூடக் கூடப் ‘பவர்’ கூடும் என்பது ஹோமியோபதியின் நம்பிக்கை. அதை வேதியியல் ஆதரிப்பதில்லை. 2015 இல் அவுஸ்திரேலிய தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சிச் சபை ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோதும், ஹோமியோபதி பயன் தரும் என்பதற்கு நம்பத்தக்க சான்று எந்த நோயிலும் கிடைக்கவில்லை.

மூலிகை வைத்தியத்தில் நடப்பது நேரெதிர். பொரளைப் பக்கம் ஆயுர்வேதக் கடையில் கஷாயம் கட்டும்போது எட்டுப் பங்கு தண்ணீரை ஒரு பங்காக வற்றக் காய்ச்சச் சொல்வார்கள். அங்கே நோக்கம் செறிவாக்குவது. கசக்கிறது என்று கஷாயத்தில் இன்னொரு குவளை தண்ணீர் விட்டாலும், முழுவதையும் குடித்தால் வயிற்றுக்குள் போகும் மருந்து அதே அளவுதான். சுவைதான் குறையும். ஹோமியோபதியில் ஒவ்வொரு படியிலும் நூற்றில் ஒரு பங்கு மட்டுமே அடுத்த போத்தலுக்குப் போகிறது, மிச்சம் பின்னால் நின்றுவிடுகிறது. இரண்டையும் ‘ஐதாக்கல்’ என்று ஒரே சொல்லால் சொல்வதால்தான் இந்தக் குழப்பம் என்று எனக்குப் படுகிறது. இலங்கையில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஹோமியோபதிக்கு 1970 இல் தனிச் சட்டம் வந்தது. சட்டம் பிரித்து வைத்ததைக் கடை அலுமாரி சேர்த்து வைத்திருக்கிறது.

டீச்சரை அன்றைக்கே அவருடைய டொக்டரிடம் அனுப்பினேன். துளியை நிறுத்தச் சொன்னார். அட்டெனலோலைத் திடீரென நிறுத்தக் கூடாது என்பதால் அளவை மட்டும் சிலநாள் குறைத்தார். ரிசர்பின் உடம்பிலிருந்து போனாலும் வேலை உடனே ஓயாது. மூக்கு திறக்க இரண்டு கிழமை எடுத்தது, மனம் தெளிய இன்னும் கொஞ்சம்.

அடுத்த மாதம் வந்து, “அப்ப முப்பது எண்டு போட்டதை வாங்கிக் குடிக்கட்டோ தம்பி? அது ஒண்டும் செய்யாதெல்லோ?” என்று கேட்டார்.

“ஒண்டும் செய்யாது டீச்சர். பிறஷரையும் இறக்காது. அதை நம்பிக் குளிசையை விட்டியளெண்டால்தான் ஆபத்து” என்றேன்.

இன்னொன்றும் சொன்னேன்: எண் இருந்தாலே வெறும் மதுசாரம் என்று நினைக்க வேண்டாம். X என்றால் பத்துக்கு ஒன்று. 3X என்பது ஆயிரத்தில் ஒன்றாக ஐதாக்கியது. அதில் மருந்து மிச்சம் இருக்கும், நஞ்சுச் செடியென்றால் அதுவே கவலைக்குரியது. நிறமும் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும்: சர்ப்பகந்தி Q மண்ணிறம், நாக்கில் கசக்கும். 30C தெளிந்த மதுசாரம். ஆனால் நிறத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம், பெயருக்குப் பக்கத்தில் உள்ள எழுத்தைப் பாருங்கள். நானும் இப்போது குளிசை எண்ணுவதை நிறுத்திவிட்டுத்தான் போத்தலை வாங்கிப் பார்க்கிறேன்.