அணிக்கோவை: பெருக்கல் சரியா என்று கேட்டால் பதில் சொல்லும் சொல்

டிடர்மினன்ட் என்பதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வைத்திருக்கும் பெயர் அணிக்கோவை. மேட்ரிக்ஸ் என்பது அணி. இரண்டையும் பள்ளியில் படித்திருப்போம். ஆனால் அந்தச் சொற்கள் ஏன் அப்படி அமைந்தன என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதைத் தெரிந்துகொண்டால், போட்ட கணக்கைச் சரிபார்க்கும் வழியும் கூடவே வந்துவிடும்.

அணி என்றால் நகை மட்டுமல்ல, ஒழுங்காக நிற்பதும்தான். அணிவகுப்பு, அணிதிரள்தல் எல்லாம் அந்தப் பொருளில் வருபவை. எண்கள் நீள அகலமாக ஒழுங்காக நிற்பதால் அது அணி. கோவை என்பது கோத்தது. இயற்கணிதத்தில் x² + 3x போன்றவற்றைக் கோவை என்கிறோம். ஆக, அணிக்கோவை என்றால் ஓர் அணியின் உறுப்புகளைப் பெருக்கியும் கூட்டியும் கழித்தும் கோத்த ஒரு கோவை. அதற்கு விடையாக வருவது ஒரே ஓர் எண். அணி ஒரு கட்டம், அணிக்கோவை ஒரு மதிப்பு. இந்த வேறுபாட்டைச் சொல்லே காட்டிவிடுகிறது. அப்படியிருந்தும், சதுர அடைப்புக்குறி போட வேண்டிய இடத்தில் இரண்டு நேர்கோடு போட்டு அணியை அணிக்கோவையாக்கிவிடுகிறவர்கள் நிறைய.

மேல்நாட்டில் இந்தப் பெயர்கள் பிறந்த வரிசை நாம் பாடம் படிக்கும் வரிசைக்குத் தலைகீழ். டிடர்மினன்ட் என்ற சொல்லை 1801-இல் காஸ் இருபடி வடிவங்களைப் பற்றி எழுதும்போது கையாண்டார். வடிவத்தின் தன்மையைத் தீர்மானிக்கும் எண் என்பது கருத்து. இன்றைய பொருளில் அதை நிலைநிறுத்தியவர் கோஷி, 1812-இல். மேட்ரிக்ஸ் என்ற பெயரை சில்வெஸ்டர் வைத்தது 1850-இல்தான். இலத்தீனில் அந்தச் சொல்லுக்குக் கருப்பை என்று பொருள்; தாயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஒரே கட்டத்திலிருந்து நிரைகளையும் நிரல்களையும் தேர்ந்தெடுத்துப் பல அணிக்கோவைகளைப் பிறப்பிக்கலாம் அல்லவா, அதனால் அந்தக் கட்டம் தாய். பிள்ளைக்கு முதலில் பெயர் வைத்துவிட்டுத் தாய்க்குப் பிறகு வைத்திருக்கிறார்கள்.

இலங்கைப் பாடநூல்களில் மேட்ரிக்ஸ் என்பது தாயம், டிடர்மினன்ட் என்பது துணிகோவை. தாயம் என்றதும் நமக்குச் சோழியும் கட்டமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதற்குள் தாய் இருப்பதைப் பார்த்தால் சில்வெஸ்டர் சொன்ன பொருளுக்கு வெகு அருகில் நிற்கிறது. துணிகோவை இன்னும் நேரானது: துணிதல் என்றால் முடிவு செய்தல், ஆகவே முடிவு செய்யும் கோவை. எதை முடிவு செய்கிறது? சமன்பாடுகளின் தொகுதிக்கு ஒரே ஒரு தீர்வு உண்டா என்பதை. மதிப்பு பூச்சியமாக இல்லாவிட்டால் உண்டு. மதிப்பு பூச்சியமானால் அந்த அணியைப் பூச்சியக் கோவை அணி என்கிறோம். அணிக்கோவை எப்படிக் கட்டப்பட்டது என்பதைச் சொல்கிறது, துணிகோவை எதற்குப் பயன்படும் என்பதைச் சொல்கிறது. எழுதுவதற்கு நான் முதலாவதைத்தான் எடுப்பேன், பழக்கம் காரணமாக. பொருளுக்காக என்றால் என் வாக்கு இரண்டாவதற்கு.

இனி வரிசை. ஓர் அணி 2 × 3 என்றால் அதில் 2 நிரை, 3 நிரல். இந்த 2 × 3 என்பதைத்தான் அணியின் வரிசை என்கிறோம். பேச்சில் வரிசை என்றால் ஒரே கோட்டில் நிற்பது என்பதால், மாணவர்கள் நிரையையே வரிசை என்று சொல்லிக் குழப்பிக்கொள்வது உண்டு. சிலர் பரிமாணம் என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல் வெளிகளுக்கு இருக்கட்டும், அணிக்கு வரிசை போதும். படுக்கையாகச் செல்வது நிரை, மேலிருந்து கீழே இறங்குவது நிரல்.

பெருக்கலின் முதல் சோதனை இந்த வரிசையில்தான். A-யின் வரிசை m × n, B-யின் வரிசை n × p என்று நடுவிலுள்ள இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் AB உண்டு. விடையின் வரிசை m × p. காரணம், A-யின் ஒரு நிரையை B-யின் ஒரு நிரலோடு முதலுக்கு முதல், இரண்டுக்கு இரண்டு என்று பொருத்திப் பெருக்குகிறோம். தமிழ் இலக்கணத்தில் இதற்கு ஈடான ஒன்று உண்டு: நிரல்நிறைப் பொருள்கோள். "கண்ணும் காதும் பார்க்கும், கேட்கும்" என்றால் கண்ணைப் பார்த்தலோடும் காதைக் கேட்டலோடும் முறையே சேர்த்துப் பொருள் கொள்கிறோம். ஒரு பக்கம் இரண்டு சொல், மறுபக்கம் மூன்று சொல் என்றால் ஒன்று அந்தரத்தில் நிற்கும். அணியிலும் அப்படித்தான்.

வரிசை பொருந்திவிட்டால் விடை சரி என்று ஆகிவிடாது. விடைக்குள் இருக்கும் எண்களைச் சோதிக்கத்தான் அணிக்கோவை வருகிறது. 1812-இல் கோஷியும் பினேயும் காட்டிய பண்பு இது: சதுர அணிகளுக்கு |AB| = |A| |B|. ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம்.

```
A = | 2  1 |    B = | 4  -1 |    AB = | 10  1 |
    | 5  3 |        | 2   3 |         | 26  4 |
```

(இங்கே இருக்கும் நேர்கோடுகள் தட்டச்சு வசதிக்காக. இவை அணிகள்தான்.)

|A| = 6 − 5 = 1. |B| = 12 + 2 = 14. ஆகவே |AB| 14 ஆக வேண்டும். 10 × 4 − 1 × 26 = 14. சரி. இப்போது பலரும் செய்யும் ஒரு பிழையைச் செய்துபார்ப்போம். கடைசி உறுப்பு 5 × (−1) + 3 × 3. அந்தக் கழித்தல் குறியை விட்டுவிட்டால் 4-க்குப் பதில் 14 வரும். அப்போது அணிக்கோவை 140 − 26 = 114. 14 எங்கே, 114 எங்கே. பிழை உடனே பிடிபட்டது.

ஆனால் இந்தச் சோதனைக்கு ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. AB கேட்டிருக்க, நீங்கள் BA போட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். BA-யின் முதல் நிரை 3, 1. இரண்டாம் நிரை 19, 11. அணிக்கோவை 33 − 19 = 14. அதே பதினான்குதான். |A| |B| இரண்டு எண்களின் பெருக்கல், எதை முன்னால் வைத்தாலும் மதிப்பு மாறாது. அணிகளுக்கு அப்படி இல்லை. நிரையையும் நிரலையும் இடம் மாற்றி எழுதிவிட்டாலும் இதே கதைதான், மதிப்பு மாறாது. அப்புறம், A 2 × 3, B 3 × 2 என்று இருந்தால் A-க்கும் B-க்கும் அணிக்கோவையே கிடையாது, இந்தச் சோதனையைத் தொடங்கவே முடியாது. அங்கே ஒன்று மட்டும் உறுதி: BA 3 × 3 அணியாக வரும், அதன் அணிக்கோவை எப்போதும் பூச்சியம். வேறு எண் வந்தால் பெருக்கலில் தவறு.

அதனால் நான் கூடவே போட்டுப் பார்ப்பது நிரைக் கூடுதல் சோதனை. B-யின் ஒவ்வொரு நிரையையும் கூட்டுங்கள்: 3, 5. அதை ஒரு நிரலாக வைத்து A-ஆல் பெருக்குங்கள்: 2 × 3 + 1 × 5 = 11, 5 × 3 + 3 × 5 = 30. AB-யின் நிரைக் கூடுதல்கள் இவையாகத்தான் இருக்க வேண்டும். 10 + 1 = 11, 26 + 4 = 30. பொருந்துகிறது. BA-யைப் பார்த்தால் முதல் நிரையின் கூடுதல் 4. பதினொன்று இல்லை, மாட்டிக்கொண்டது. சதுர அணி அல்லாதவற்றுக்கும் இது வேலை செய்யும்.

நிரலிலும் இப்படியே செய்யலாம். A-யின் நிரல்களைக் கூட்டினால் 7, 4. அதை ஒரு நிரையாக வைத்து B-யோடு பெருக்கினால் 36, 5. இப்போது அந்த 14 பிழைக்குத் திரும்புங்கள். இரண்டாம் நிரையின் கூடுதல் 30-க்குப் பதில் 40, இரண்டாம் நிரலின் கூடுதல் 5-க்குப் பதில் 15. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் தவறு, அளவு 10. எந்தக் கட்டத்தில் எவ்வளவு பிழை என்பதுவரை தெரிந்துவிட்டது. அணிக்கோவைச் சோதனை "தவறு" என்று மட்டும்தான் சொல்லும். ஒரே நிரையில் ஒன்று 2 கூடி இன்னொன்று 2 குறைந்தால் நிரைக் கூடுதல் ஏமாந்துவிடும். அப்போது நிரல் கூடுதல் பிடிக்கும்.

பெருக்கலே இல்லாமல் அணிக்கோவை மட்டும் கேட்டிருந்தால்? வரிசை இங்கேயும் தலைகாட்டுகிறது. n வரிசைச் சதுர அணியை k-ஆல் பெருக்கினால் அணிக்கோவை k மடங்கு ஆகாது, kⁿ மடங்கு ஆகும். |A| = 1 என்ற நம் A-க்கு |2A| = 24 − 20 = 4. இரண்டு அல்ல. 3 × 3 அணியாக இருந்திருந்தால் எட்டு மடங்கு. ஒரே ஒரு நிரையைப் பெருக்கினால்தான் k மடங்கு.

3 × 3 அணிக்கோவையில் அதிகம் நடக்கும் தவறு நடு உறுப்பின் குறி. இந்த அணியை எடுத்துக்கொள்வோம்.

```
3  8  4
5  2  7
6  9  1
```

முதல் நிரையால் விரித்தால் 3(2 − 63) − 8(5 − 42) + 4(45 − 12) = −183 + 296 + 132 = 245. நடுவிலுள்ள கழித்தலை மறந்து கூட்டியிருந்தால் −347. எது சரி என்று மறுபடி விரிக்காமல் பார்க்க, ஒவ்வொரு உறுப்பும் தனக்கு மிக அருகிலுள்ள 3-இன் மடங்கிலிருந்து எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்று பார்த்து, அந்த மீதியை அதன் இடத்தில் எழுதுங்கள். 3, 6, 9 எல்லாம் 0. 4, 7, 1 எல்லாம் 1. 8, 5, 2 எல்லாம் −1.

```
 0  -1   1
-1  -1   1
 0   0   1
```

கடைசி நிரையில் ஒரே ஓர் 1-தான் மிச்சம். ஆகவே அணிக்கோவை 0 × (−1) − (−1)(−1) = −1. 245-இன் இலக்கங்களைக் கூட்டினால் 11, அது 3-இன் மடங்குக்கு ஒன்று குறைவு, அதாவது −1. பொருந்துகிறது. −347-க்குப் பார்த்தால் மீதி 1. பொருந்தவில்லை.

3-க்குப் பதில் 2-ஐ வைத்து ஒற்றையா இரட்டையா என்று பார்த்தால் இன்னும் எளிதுதான். ஆனால் குறிப் பிழை அதில் ஒருபோதும் சிக்காது. ஓர் எண்ணின் குறியை மாற்றினால் அது ஒற்றையிலிருந்து இரட்டையாக மாறுவதில்லை. 245, −347 இரண்டும் ஒற்றைதான். 3-இலும் ஓர் எல்லை உண்டு: விடை 3-இன் மடங்கு அளவுக்குத் தவறியிருந்தால், 245-ஐ 248 என்று எழுதியிருந்தால், அது பேசாமல் விட்டுவிடும். அப்படிப்பட்ட இடத்தில் இன்னொரு நிரையையோ ஒரு நிரலையோ எடுத்து விரித்துப் பார்ப்பது நல்லது.