நிற வெப்பநிலை

‘கலர் டெம்பரேச்சர்’ என்று வடிவமைப்பாளர்கள் அன்றாடம் சொல்வதற்கு நேரான தமிழ்ச்சொல் நிற வெப்பநிலை. இதை ‘நிற வெப்பம்’ என்று சிலர் சுருக்குவதுண்டு. ஆனால் வெப்பம் என்பது ஆற்றல், இங்கே கெல்வினில் அளக்கப்படுவதோ வெப்பநிலை என்பதால் அந்தச் சுருக்கம் பொருந்தாது.

உலையில் காய்ச்சிய இரும்பு முதலில் சிவந்து, சூடு ஏற ஏற மஞ்சளாகி, பிறகு வெளுக்கிறது. இவ்வாறு ஒளிரும் இலட்சியக் கரும்பொருள் ஒன்று எந்த வெப்பநிலையில் ஒரு விளக்கின் நிறத்தைக் காட்டுமோ, அதுவே அவ்விளக்கின் நிற வெப்பநிலை. இழைக் குண்டுபல்புக்கு அது ஏறத்தாழ 2700 கெல்வின், நண்பகல் வெயிலுக்கு ஏறத்தாழ 5500. ஆகவே நாம் கதகதப்பானது என்று உணரும் மஞ்சள் ஒளியே குறைந்த வெப்பநிலை உடையது. தீயையும் பனியையும் நினைத்து ஓவியர்கள் வைத்த ‘சூடான நிறம்’, ‘குளிர்ந்த நிறம்’ என்ற பெயர்கள் இயற்பியலுக்கு நேர் எதிராக அமைந்துவிட்டதால், ‘மஞ்சள் சாய்ந்த ஒளி’, ‘நீலம் சாய்ந்த ஒளி’ என்று சொல்வதே குழப்பமற்றது என்பது என் கருத்து.

குண்டுபல்பு ஒளியில் எடுத்த வரவேற்பறைப் படமொன்றின் சுவரில், வெள்ளை எழுத்தும் நீல வட்டமும் கொண்ட சின்னத்தை ஒட்டுவதாகக் கொள்வோம். சின்னத்தின் வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் 255, 255, 255 என்று இருப்பதால், அந்த அறையில் அது மட்டும் நீலம் பாய்ந்து தனியே மிதக்கும். சுவருக்கு அருகே உண்மையிலேயே வெள்ளையான ஒரு பொருளை, உதாரணமாக மேசைமேல் கிடக்கும் காகிதத்தைத் தேர்ந்து அதன் நிறத்தை எடுக்க வேண்டும். சுவரே சந்தன நிறப் பூச்சாக இருக்கக்கூடும், பளபளக்கும் இடமோ வெளுத்துப்போய்ப் பொய் சொல்லும். காகிதம் 244, 222, 184 என்று காட்டினால், அந்நிறத்தை நிரப்பிய அடுக்கைச் சின்னத்தோடு மட்டும் பிணைத்து Multiply முறையில் வைக்கலாம். அப்போது வெள்ளை அதே எண்களைப் பெறும். 0, 70, 160 ஆக இருந்த நீலம் சுமார் 0, 61, 115 ஆக அடங்கும். அந்த ஒளியில் நீலம் குறைவு என்பதால் நீலப் பொருளும் அங்கே மங்கித்தான் தெரியும்.

போட்டோஷாப்பின் Camera Raw Filter வழியே Temperature பட்டையை மஞ்சள் பக்கம் நகர்த்தியும் இதைச் செய்யலாம். ஒட்டிய சின்னத்துக்கு அப்பட்டை கெல்வினைக் காட்டாமல் வெறும் கூட்டல் கழித்தல் எண்களையே காட்டும். ரா கோப்பில் கெல்வின் எண்ணை உயர்த்தினால் படம் மஞ்சளாவதைக் கண்டு பலர் திகைப்பர்: ஒளி நீலமாக இருந்தது என்று மென்பொருள் எடுத்துக்கொண்டு, அதை ஈடுகட்ட மஞ்சளைச் சேர்க்கிறது. அந்த எண் குறிப்பது படத்தின் நிறத்தை அன்று, படமெடுத்த ஒளியை.

அறையில் சன்னல் வெளிச்சமும் கலந்திருந்தால் ஒரே திருத்தம் சின்னம் முழுவதற்கும் ஒத்துவராது. சன்னல் பக்க ஓரத்தில் அந்நிற அடுக்கின் தாக்கத்தைக் குறைக்க வேண்டும். சின்னம் சுவரில் மாட்டியதாக அல்லாமல் படத்தின் மூலையில் முத்திரையாக மட்டும் நின்றால், அது அவ்வறையின் ஒளிக்கு உட்பட்டதே அன்று. அதன் நிறத்தைத் தொடக்கூடாது.