கூடுதல் தாள் வைத்தால் கூடுதல் வெளிச்சம்

ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலராய்டு தாள் ஒன்றை ஒரு விளக்கின் முன்னால் பிடியுங்கள். வெளிச்சம் பாதியாகக் குறையும். அதன்மேல் இரண்டாவது தாளை வைத்து மெல்லத் திருப்பினால் வெளிச்சம் இன்னும் மங்கிக்கொண்டே போய், இரண்டும் விடும் திசைகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாகும்போது இருண்டுவிடும். இப்போது மூன்றாவது தாளைச் சற்றுச் சாய்த்து அந்த இரண்டுக்கும் நடுவில் செருகுங்கள். அது மறைக்கும் இடத்தில் மட்டும் வெளிச்சம் வந்துவிடும்! அதே தாளை இரண்டுக்கும் முன்னால் வைத்தாலோ பின்னால் வைத்தாலோ இருட்டு இருட்டாகவே இருக்கும்.

மூன்று தாள்களுமே ஒளியை உறிஞ்சத்தான் செய்கின்றன, எதுவும் ஒளியை உண்டாக்கவில்லை. அப்படியிருக்க, இன்னொரு உறிஞ்சியை வைத்ததும் வெளிச்சம் எப்படிக் கூடியது?

தாளின் உள்ளமைப்பிலிருந்து தொடங்கலாம். பாலிவினைல் ஆல்கஹால் என்னும் பிளாஸ்டிக் படலத்தை ஒரே திசையில் இழுத்து நீட்டும்போது அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அந்தத் திசையில் வரிசையாகின்றன. அவற்றில் அயோடினை ஏற்றுவார்கள். எலக்ட்ரான்கள் சங்கிலியின் நீளவாக்கில் எளிதாக ஓடும், குறுக்குவாக்கில் ஓட முடியாது. ஆகவே ஒளியின் மின்புலம் சங்கிலிக்கு இணையாக அதிர்ந்தால் அந்த ஆற்றலை எலக்ட்ரான்கள் வாங்கிக்கொள்ளும், குறுக்காக அதிர்ந்தால் ஒளி தப்பித்துவிடும். தாள் ஒளியை விடும் திசை, அதாவது அதன் கடத்தும் அச்சு, சங்கிலிகளுக்குச் செங்குத்தாக இருப்பது இதனால்தான். வேலியின் இடுக்கு வழியாகக் கயிற்றை ஆட்டுவதுபோல் பாடப்புத்தகங்களில் ஒரு படம் இருக்கும். அதை நம்பினால் அச்சின் திசையே தலைகீழாகப் புரியும். அதைவிடப் பெரிய தொல்லை, தாளை ஒரு சல்லடை என்று எண்ண வைத்துவிடும். சல்லடை தானியத்தைத் தடுக்கும், தானியத்தை மாற்றாது. இந்தத் தாளோ தன் வழியே போகும் ஒளியை மாற்றுகிறது.

முதல் தாளைக் கடந்த ஒளி அதன் அச்சுத் திசையில் மட்டும் அதிரும். இரண்டாவது தாளின் அச்சு θ கோணம் சாய்ந்திருந்தால், அதிர்வின் வீச்சில் cosθ பங்கு மட்டுமே அந்த அச்சின் வழியே விழுகிறது. கண்ணுக்கும் ஒளிமானிக்கும் எட்டுவது வீச்சின் இருமடி. எனவே

I = I₁ cos²θ

இங்கே I₁ முதல் தாளைத் தாண்டி வந்த ஒளிச்செறிவு. பிரெஞ்சு இயற்பியலாளர் எட்டியென் லூயி மாலஸ் 1809-இல் கண்ட விதி இது. விளக்கிலிருந்து வருவதை 100 என்று வைத்தால், முதல் தாளுக்குப் பின் 50. இரண்டாவது தாள் 30 டிகிரியில் இருந்தால் 37.5, 45 டிகிரியில் 25, 60 டிகிரியில் 12.5, 90 டிகிரியில் ஒன்றுமில்லை.

விதியில் இல்லாத, ஆனால் விதியைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. இரண்டாவது தாளைத் தாண்டிய ஒளி இப்போது அந்தத் தாளின் அச்சில் அதிர்கிறது. முன்பு எந்தத் திசையில் அதிர்ந்தது என்பதற்கான தடயம் அதில் எதுவும் இல்லை.

இனி மூன்று தாள்கள். முதலாவதன் அச்சு செங்குத்து, கடைசித் தாளின் அச்சு கிடைமட்டம், நடுத்தாள் 45 டிகிரி. முதலில் 50. நடுத்தாளில் பாதி போய் 25. நடுத்தாளுக்கும் கடைசிக்கும் இடையில் இன்னொரு 45 டிகிரி, ஆகவே அதிலும் பாதி போய் 12.5. கணக்கு முடிந்துவிட்டது. ஆனால் இது விளக்கம் ஆகாது. கிடைமட்ட அதிர்வு துளியும் இல்லாத ஒளியிலிருந்து அது எப்படிப் பிறந்தது?

முதல் தாளைக் கடந்த செங்குத்து அதிர்வின் வீச்சை 1 என்று கொள்வோம். அதை வலப்பக்கம் சாய்ந்த அதிர்வு ஒன்றும் இடப்பக்கம் சாய்ந்த அதிர்வு ஒன்றும் சேர்ந்ததாகப் பார்க்கலாம். ஒவ்வொன்றின் வீச்சும் 0.707. வலச்சாய்விடம் செங்குத்தாக 0.5-உம் வலப்புறமாக 0.5-உம் இருக்கிறது. இடச்சாய்விடம் செங்குத்தாக 0.5, இடப்புறமாக 0.5. இரண்டையும் கூட்டினால் செங்குத்தில் 1 கிடைக்கும், பக்கவாட்டில் ஒன்றையொன்று அடித்துப் பூஜ்யமாகிவிடும். அதாவது கிடைமட்ட அதிர்வு சரிக்குச் சரியாக அடிபட்டுக் கிடக்கிறது. நடுத்தாள் அந்த இரண்டில் ஒன்றை, உதாரணமாக இடச்சாய்வை, உறிஞ்சிவிடுகிறது. எதிராளி போனதும் வலச்சாய்வின் 0.5 கிடைமட்டப் பங்கு தனித்து நிற்கிறது. கடைசித் தாள் அதை விடுகிறது. 0.5-இன் இருமடி 0.25, 50-இல் கால் பங்கு 12.5. மேலே வந்த அதே எண்.

இதையே எலக்ட்ரான்கள் பக்கமிருந்தும் சொல்லலாம். நடுத்தாளின் சங்கிலிகள் சாய்ந்திருப்பதால் எலக்ட்ரான்கள் சாய்வாக மட்டுமே ஓட முடியும். ஓடும் எலக்ட்ரான்கள் தாமும் அலையை வெளியிடும். அந்த அலை முன்னோக்கிப் போகும்போது வந்த ஒளியின் ஒரு சாய்வுப் பங்கை அழிக்கிறது. எலக்ட்ரான்களின் அலை சாய்வானது என்பதால் அதில் கிடைமட்டக் கூறும் இருக்கிறது. வந்த ஒளியில் அதை எதிர்க்கக் கிடைமட்டம் இல்லை. கடைசித் தாளைத் தாண்டி நாம் பார்ப்பது அந்தக் கூறைத்தான். தாளைப் பின்னால் வைத்தால் ஏன் பலிக்காது என்பதும் இதிலேயே விளங்கும்: அங்கே எலக்ட்ரான்களை ஓட்டிவிட ஒளியே மிச்சமில்லை.

முதல் தாளிலிருந்து நடுத்தாள் சாயும் கோணம் θ-ஐ மாற்றினால் வெளிவருவது விளக்கொளியில் (1/8) sin²2θ பங்கு. 30 டிகிரியில் 9.4 சதவீதம், 60-இலும் அதே. ஒரு முழுச் சுற்றில் நான்கு முறை இருளும், நான்கு முறை ஒளிரும். செய்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் அதிக வெளிச்சத்தைத் தேடி 45 டிகிரியைக் கண்டுபிடிக்கப் பார்ப்பார்கள், அது சரிப்படாது. 40-க்கும் 50-க்கும் இடையில் வெளிச்சம் வெறும் 3 சதவீதம்தான் மாறுகிறது, கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. இருளும் இடத்தைப் பிடித்து அங்கிருந்து 45 டிகிரி திருப்புவதே நல்ல வழி.

நடுவில் ஒளிர்வதெல்லாம் போலராய்டு என்றும் எண்ணிவிடக் கூடாது. குறுக்காக வைத்த தாள்களுக்கு நடுவே ஒட்டும் டேப்பைச் செருகினாலும் வெளிச்சம் வரும். அது எதையும் உறிஞ்சாமல், இரட்டை ஒளிவிலகலால் ஒரு சாய்வை மற்றதைவிடத் தாமதப்படுத்துகிறது. தாமதத்தின் விளைவு நிறத்துக்கு நிறம் வேறுபடும், அதனால் டேப்பை அடுக்க அடுக்கப் பளிச்சென்ற நிறங்கள் தோன்றும். போலராய்டு துண்டோ சாம்பல் நிறமாகவே தெரியும்.

கோணத்தைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து நடுவில் நிறையத் தாள்களை வைத்தால்? நடுவில் இரண்டு வைத்து 30 டிகிரியாகத் திருப்பினால் 12.5 என்பது 21 ஆகிறது. 10 டிகிரிப் படிகளில் மொத்தம் பத்துத் தாள் வைத்தால் 38. ஒரு டிகிரிப் படிகளில் போனால் கிட்டத்தட்ட 49, அதாவது முதல் தாள் விட்ட ஒளி அநேகமாக முழுசாக வெளியே வந்துவிடும்.

காகிதத்தில்தான். நிஜத் தாள் விளக்கொளியில் 50 விடாது, 38 போலத்தான் விடும். தன் அச்சிலேயே வரும் ஒளியிலும் 76 சதவீதத்தைத்தான் கடத்துகிறது என்று பொருள். ஒவ்வொரு தாளுக்கும் இந்த வரியைக் கட்டிப் பார்த்தால் மூன்று தாள்களில் 5.5, நான்கில் 7, ஐந்தில் 6.7, பத்தில் வெறும் 2.4. இந்தத் தாள்களை வைத்துக்கொண்டு நான்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.