கழித்தால் எல்லாம் கழிந்துவிடாது

எடை போடுவதில் ஒரே தப்பைச் செய்வதில், இந்த மழைக்கு இது மூன்றாவது ஆள். வாளையாற்றிலிருந்து எங்கள் கொழிஞ்சாம்பாறை லேபுக்குப் பயிற்சிக்கு வரும் தம்பி, கேஎச்பி என்ற அமில உப்பை எடைபோட்டு, அதை வைத்து சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலின் செறிவைக் கண்டுபிடித்து நோட்டை நீட்டினான். மூன்று தடவைக்கும் மோலாரில் மூன்று விடை: 0.0997, 0.0999, 0.1000. மூன்றும் எடை போட்ட வரிசையிலேயே ஏறியிருந்தன. சும்மா சிதறியிருந்தால் கைப்பிழை என்று விட்டிருப்பேன். வரிசையாக ஏறினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

“டிஃபரன்ஸ்லதானுங்க மேடம் எடுத்தேன். பிழையெல்லாம் கேன்சல் ஆயிருமுங்களே?”

இந்த ஒரு வரியைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. உப்பைப் பாட்டிலோடு ஒரு எடை, குடுவையில் கொட்டியபின் பாட்டிலை ஒரு எடை, இரண்டையும் கழிக்கிறோம். இரண்டு தடவையும் மாறாமல் இருந்த பிழை மட்டும்தான் அதில் அடிபடும். பேலன்ஸின் பூஜ்யம் கொஞ்சம் தள்ளியிருந்தால் அடிபடும். பாட்டிலுக்குக் காற்று தரும் மிதப்பும் அடிபடும். இரண்டு எடைக்கும் நடுவில் மாறிய எதுவும் அப்படியே விடையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தம்பி செய்தது இதுதான். கேஎச்பி உப்பை 110 டிகிரி சூட்டடுப்பில் உலர்த்தி, ஈரம் படாமல் ஆறவைக்கும் டெசிகேட்டரில் பத்தே நிமிடம் வைத்துவிட்டு எடுத்திருக்கிறான். தொட்டால் சுடவில்லையாம்! கைக்குச் சுடாதது பேலன்ஸுக்குச் சுடும். வெதுவெதுப்பான பாட்டிலைச் சுற்றிக் காற்று மேலே எழும்பித் தட்டின் பாரத்தைக் குறைக்கும். முதல் எடை 24.6182 கிராம், கொட்டியபின் 24.1094, வித்தியாசம் 0.5088. அந்த உப்புக்குப் பியூரெட்டிலிருந்து சரியாக 25.00 மி.லி. கரைசல் போயிருக்கிறது. கரைசல் 0.1000 என்றால் அதற்கு 0.5106 கிராம் உப்பு வேண்டும். மீதி 1.8 மில்லிகிராம் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. பாட்டில் ஆற ஆற அதன் எடை ஏறியது. இரண்டாவது எடை அந்த அளவுக்குக் கூடிப்போய், வித்தியாசம் குறைந்துவிட்டது. அடுத்தடுத்த எடைகளில் பாட்டில் இன்னும் ஆறியிருந்ததால் விடையும் நேராகிக்கொண்டே வந்தது.

அவனிடம் சொல்லிப் பயனில்லை என்று, செய்துகாட்டச் சொன்னேன். அதேபோல் பத்து நிமிடத்தில் பாட்டிலை எடுத்து எடை பார்த்தான். வெளியே எடுத்து, எதையும் கொட்டாமல், இரண்டு நிமிடம் கழித்துத் திரும்ப வைத்தான். 1.1 மில்லிகிராம் கூடியிருந்தது. பேலன்ஸ் இரண்டு தடவையும் ‘ஸ்டேபிள்’ என்றுதான் காட்டியது. மெதுவாக நகரும் எடையை அந்த அடையாளம் கண்டுபிடிக்காது, தம்பி. கொட்டாமல் கழித்துப் பார்த்து 0.2 மில்லிகிராமுக்குள் வந்தால் மட்டும் கொட்டுங்கள். டெசிகேட்டரில் முக்கால் மணி நேரமாவது ஆறவிடுங்கள். டீ குடிக்கும் நேரம் போதாது.

எடை ஏறினாலே சூடு என்றும் முடிவு கட்டவேண்டாம். ஆறுகிற பாட்டில் போகப்போக நின்றுவிடும். ஈரம் குடிக்கிற சாம்பிள் நிற்காமல் ஏறும், மூடியைத் திறந்தால் இன்னும் வேகமாக ஏறும். ஈரம் குடிக்கிற பொருளுக்கு இந்த முறை ஏன் நல்லது என்றால், கொட்டியபின் அது குடுவையில் எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் கவலையில்லை. பாட்டிலுக்குள் இருக்கும்போதே குடித்துவிட்டதை எந்தக் கழித்தலும் காப்பாற்றாது. எனவே மூடி கொட்டும் நேரத்துக்கு மட்டும் திறக்கட்டும். ஒரு துளித் தூள் மேசையில் சிந்தினாலும் அந்த எடையைத் தூக்கிப் போடுங்கள். கழித்து வருவது பாட்டிலை விட்டுப் போன எடை, குடுவைக்குள் போய்ச் சேர்ந்த எடை அல்ல.

மிதப்பு அடிபடும் என்றேனே, அது பாட்டிலுக்கு மட்டும். கொட்டிய உப்பின் மிதப்பு அப்படியே நிற்கும். பேலன்ஸைச் சரிபார்க்கும் எஃகுக் கல்லின் அடர்த்தி 8, கேஎச்பியின் அடர்த்தி ஏறக்குறைய 1.64. உப்பு தன் எடைக்கு அதிகக் காற்றை விலக்குவதால் அரை கிராமுக்கு 0.3 மில்லிகிராம் குறைத்துக் காட்டும். அன்றாடத் தண்ணீர்ச் சோதனைக்கு நான் இதைப் பார்ப்பதில்லை. பிப்பெட்டைத் தண்ணீர் எடைபோட்டுச் சரிபார்க்கும்போது விடவே மாட்டேன், 10 கிராமுக்கு 10 மில்லிகிராம் போல வந்துவிடும்.

இன்னொன்று எங்கள் ஊர்க் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வாசலில் இருக்கிறோம். ஜன்னல் இடுக்கில் வந்தாலும் கடைசி இலக்கம் ஆடும். ஃபேனை நிறுத்துங்கள், கண்ணாடிக் கதவுகளை மூடுங்கள், கையை உள்ளே வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். ஆடுகிற எண் பரவாயில்லை, கண்ணுக்குத் தெரிகிறது. மார்கழி, தை மாதத்தில் கிழக்கேயிருந்து வறண்ட காற்று வரும்போது பாட்டிலில் மின்னேற்றம் ஏறும். அது ஆடாது, ஒரே பக்கமாக நகரும். எடுத்து வைத்தால் வேறு எண் காட்டும், தூள் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு விழ மறுக்கும். அப்போது பிளாஸ்டிக் தட்டு வேண்டாம். ரப்பர் கையுறையோடு பாட்டிலைத் தேய்க்காதீர்கள், காகிதப் பட்டையால் பிடித்து வையுங்கள். முதல் எடைக்கும் இரண்டாவது எடைக்கும் நடுவில் யாராவது பாட்டிலைத் துணியால் பளபளவென்று துடைப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.